சூடு ஆறாத ரஸ்தாளி

ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் கூலாயில் என் அத்தான் வாழைக்காய்க் கொட்டகை ஒன்றை நடத்தி வந்தார். பள்ளிக்கூடம் மூடப்பட்டபின் நான் அக்காள் வீட்டுக்கு வந்து அந்தக் கொட்டகையில் சேர்ந்துகொண்டேன். பள்ளியின் விவாத மன்றத்தில் மூன்றாண்டு தோற்காதவன் என்ற பெருமை என்னோடு வந்திருந்தது.

அந்தக் கொட்டகையைக் காத்து நின்றது ஒரு காகிதம். இராணுவ மருத்துவமனைக்கு வாரந்தோறும் நாற்பது தார் ரஸ்தாளிப் பழம் தரும்வரை, இருபது தாருக்கு ஓர் ஆள் என்ற கணக்கில், இரண்டு பேரைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கக் கூடாது என்று அதில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஒரு பெயர் என்னுடையது. மற்றது, கொட்டகையில் தார் சுமந்த, நான் அண்ணன் என்று அழைத்தவருடையது. காயைப் புகையிட்டுப் பழுக்கவைக்கும் மூட்ட அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி; அவரை அக்கா என்பேன். அந்த அக்காவின் இரண்டு தமையன்மாரையும் எஸ்டேட்டிலிருந்து சயாமுக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். ஒருவரைப் பற்றியும் சேதி இல்லை.

காஹாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய் வந்ததும், பக்கச் சுவரில்லாத கூரையின் கீழ்க் கழிகளில் தார்களை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, சுற்றிலும் ஈரச் சாக்குகளைக் கட்டுவார்கள். காற்று அந்தச் சாக்கைக் கடந்து வந்து ஓர் இரவில் காயின் வெயில் சூட்டை ஆற்றும். மறுநாள் மூட்ட அறையில் அடுக்கி, கதவிடுக்கை மண் பூசி அடைத்து, அடிச்சுவர்த் துளையில் மண்சட்டியைப் பொருத்தி, தேங்காய்மட்டைப் புகையை உள்ளே ஊதுவார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் மூட்டம். பிறகு திறந்து, பலகைச் சட்டங்களில் இரண்டு நாள் காற்றாடவிட்டால் மஞ்சள் ஏறிவிடும்.

அந்த வாரம் லாரி ஒரு நாள் பிந்தி வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடிய அந்தப் பழைய லாரி வழியில் நின்றுபோய், காய்களெல்லாம் மதியம்வரை வெயிலில் காய்ந்திருந்தன. அத்தான் அனுமதிச் சீட்டுக்காக ஜோகூர் பாரு போயிருந்தார். பொறுப்பு என்னிடம்.

"இன்னிக்கு அறைக்குள்ள வைக்கக் கூடாது தம்பி. தொட்டுப் பாருங்க, காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி கொதிக்குது" என்றார் மூட்ட அறை அக்கா, சீப்புகளுக்கு இடையே கையை நுழைத்தபடி.

"ஒரு நாள் கொறைஞ்சிருக்கேக்கா. அதை எங்கதான் கழிக்கிறது?"

"கடைசியில காத்தாட விடுறதுல கழிங்க. பச்சையும் மஞ்சளுமா குடுத்துடலாம். மூட்டம் ஏறின காய் எங்க இருந்தாலும் பழுக்கும். அங்க போய்ப் பழுக்கட்டும்லா."

அப்போது நான் எழுந்து நின்றேன். மருத்துவமனை கேட்பது மஞ்சள் பழம், பச்சைக் காய் அன்று என்றேன். காய் பழுக்க வெப்பம் வேண்டுமென்பதை எவரும் மறுக்கவியலாது, அவ்வாறாயின் வெப்பத்தோடு வந்த காயை ஏன் குளிர்விக்க வேண்டும் என்று கேட்டேன். குளிர்விப்பது பழக்கமே தவிர நியாயம் அன்று என்று முடித்தேன். ஒவ்வொரு வாக்கியமும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

அண்ணன் சிரித்தார். "வக்கீலுக்கு முன்னாடி வாழைக்காய்க்கு வாய் ஏது? முதலாளி வீட்டுப் பிள்ளை சொல்லுது. தூக்கு புள்ள."

அக்கா சிரிக்கவில்லை. "தூக்குறேன். ஆனா ஒங்க பேரும் அந்தத் தாள்லதான் இருக்கு, மறந்துடாதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் தாரைத் தோளில் ஏற்றினார்.

நேரத்தை மிச்சப்படுத்த நெருக்கி அடுக்கச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் காலை நான் போனபோது, அக்கா மூட்ட அறைக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். நானும் வைத்துப் பார்த்தேன். சூடாயிருந்தது. மண்பூச்சு வெடித்த இடத்தில் புளித்த கள்ளைப் போன்ற ஒரு வாடை.

"தொறக்கணும்" என்றார்.

"மூட்டம் இன்னும் முடியலையே. தொறந்தா எல்லாம் வீணாப் போயிடும்."

"ஏறவேண்டிய மூட்டம் ஏறியாச்சு. உள்ள காய் மூச்சு விடுது தம்பி. ஏற்கெனவே சூடு, அதுமேல அதோட சொந்தச் சூடு. போக வழியில்ல. வேகுது."

என்னிடம் மறுமொழி இருந்தது. மேடையில் மறுமொழி இல்லாத நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் அண்ணன் எனக்குப் பின்னால் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் காகிதத்தை அவர் எப்போதும் அங்கேதான் வைத்திருப்பார். நான் மண்வெட்டியை எடுத்துப் பூச்சைக் கொத்தினேன்.

கதவு திறந்ததும் உள்ளே பாயப்போன என்னை அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார். "மூச்சடைச்சுச் சாகவா? காத்து ஓடட்டும்." கூரைத் துவாரத்தை அடைத்திருந்த சாக்கையும் அண்ணன் பிடுங்கினார். வெகுநேரம் காத்திருந்து, பின் ஒவ்வொரு தாராக வெளியே எடுத்தோம். கதவோரமும் சுவரோரமும் இருந்தவை வெதுவெதுப்பாய் இருந்தன. நடுவில் நெருங்கிக் கிடந்தவற்றுக்குள் கைவைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, சாக்குகளை நனைத்து நனைத்துக் கட்டினோம். பக்கத்துச் சட்டங்களில் வைக்கோலில் கிடந்த மாங்காய்களைக்கூட எடுத்துத் தள்ளி வைத்தார் அக்கா. வாழையின் சூடும் ஆவியும் பட்டால் அவையும் அவசரப்பட்டுப் பழுத்துவிடும் என்றார்.

ஒப்படைக்க வேண்டிய காலையில் இருபத்தேழு தார் மஞ்சள் ஏறியிருந்தன. மீதிப் பதின்மூன்றும் அறைக்குள் போன அன்றைய பச்சை நிறம் மாறாமலே இருந்தன. ஒன்றை உரித்தேன். உள்ளே கூழாய்க் குழைந்து, புளித்து மணத்தது. வெளியே காய், உள்ளே அழுகல்.

"இதையும் ஏத்திக் காய்னு குடுத்துடலாமா?" என்று கேட்டார் அண்ணன்.

"அமுக்கிப் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றார் அக்கா. பதின்மூன்றையும் விட்டுச் சென்றோம்.

மருத்துவமனை முற்றத்தில் கணக்கு எழுதிய பண்டகசாலைக் கிராணி ஒரு தமிழர். அவர் அருகே ஒரு ஜப்பானிய சார்ஜென்ட் நின்று, ஒவ்வொரு தாரிலும் ஒரு பழத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். முடித்ததும் கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டு மேசை விளிம்பில் விரலால் தட்டினான்.

"இருபத்தேழு. நாப்பது இல்ல" என்றார் கிராணி. "ரெண்டு ஆளுக்குக் காணாது. ஒரு பேரை அடிக்கச் சொல்றார். எந்தப் பேரு?"

வரும் வழியெல்லாம் ஓர் உரையை நான் அமைத்து வைத்திருந்தேன். லாரியின் பழுது, வெயிலின் கொடுமை, கொட்டகையின் நெடுங்கால நாணயம் எல்லாம் அதில் இருந்தன. நான் இழைத்த பிழை மட்டும் இல்லை. அண்ணன் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பை உள்ளங்கையால் நீவி விரித்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பார்த்திருந்தால் நான் அவரோடு வாதிட்டிருப்பேனோ என்னவோ.

"என் பேருங்க" என்றேன். "சூட்டோட அடுக்கச் சொன்னது நான்தான்."

கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காரணம் யார் கேட்டா?" என்று முனகியபடி கோடு இழுத்தார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது. பிறகு தணிந்த குரலில், "பட்டியல் மேலிடத்துக்கு நாளைக்குத்தான் போகும். இன்னிக்கு நீ எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அன்று பகலிலேயே, காலியாகத் திரும்பிய அதே கரி லாரியில், வெற்றுச் சாக்குகளின் அடியில் படுத்துக் காஹாங் போனேன். ஏறுமுன் அக்கா இரண்டு பழங்களை என் மடியில் போட்டார். "தோட்டத்துல வெயில் ஏறுமுன்னே வெட்டச் சொல்லுங்க. நெழல்ல வச்சு ஏத்தச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் பேச வருமே" என்றார்.

மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் குடிசையில் ஒளிந்து தார் வெட்டினேன். வாரம் தவறாமல் லாரி வந்தது. ஏற்றுமுன் ஒவ்வொரு தாரின் சீப்புகளுக்கு இடையிலும் கையை விட்டுப் பார்ப்பேன். சூடு இருந்தால் இறக்கி நிழலில் வைப்பேன். ஓட்டுநர் திட்டுவார். நான் எதிர்வாதம் செய்ததில்லை. காய் ஆறும்வரை லாரியின் முன்னால் நின்றுகொள்வேன்.