சாம்பல் கோட்டுக்குப் போன கடிதம்

ஓடிப் போனாளாம்! யாரோடு ஓடினாள், சொல்லட்டும் பார்க்கலாம். கழுத்தில் அளவு நாடா, ஒரு கையில் குண்டூசி டப்பா, மறு கையில் சாக்பீஸ். இந்தக் கோலத்தில், பட்டப்பகலில், தம்பியிடம் சொல்லிக்கொண்டு எவளாவது ஓடுவாளா? பேசுகிற வாய்க்கு என்ன, நோகவா போகிறது. செத்தவர்களை வியாபாரத்துக்காகக் கூப்பிட்டாள் என்பது இன்னொரு பேச்சு. கூப்பிட்டது அவள் இல்லை, கடிதம். அந்தக் கடிதத்திலும் கெட்ட எண்ணம் ஒரு சொல்கூடக் கிடையாது.

நாடாக்கா என்றுதான் அவளுக்குப் பெயர். குளிக்கும்போதாவது அந்த நாடாவைக் கழற்றுவாளா என்று தெருவே கேலி பேசும். அப்பா விட்டுப் போன தையல் கடை. வெட்டுவதும் தைப்பதும் அவள். கல்லாவும் பேனாவும் தம்பி. ஆயத்த உடைக் கடைகள் வந்ததும் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கட்டடச் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து, “இந்த மாசம் பூரா இப்படித்தான் ஈ ஓட்டப் போறீங்கன்னா, சாவியைக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது.

ஒரு வருஷமாக வராதவர்களுக்கெல்லாம் கடிதம் போடலாம் என்பது தம்பியின் யோசனை. எழுதி வாசித்தும் காட்டினான். ‘தாங்கள் ஓராண்டாக எங்கள் கடைப் பக்கமே வராததன் காரணம் என்ன?’

“கடனைத் திருப்பிக் கேக்கற மாதிரி இருக்குடா. வர நெனச்சவனும் ஓடிடுவான். அவங்களுக்கு நாம கடைசியா என்ன தச்சோமோ அதைப் பத்திக் கேளு. நம்மள இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்களேன்னு மனசு எளகும்.”

அப்படியே எழுதினார்கள். அவரவர் பெயர், கடைசியாகத் தைத்த உடுப்பு, அது இப்போது எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு. இந்தக் கடிதத்தோடு அந்த உடுப்பைக் கொண்டுவந்தால், உடம்பில் சரியாக நிற்கும் வரை இலவசமாகத் திருத்தித் தருவோம். மாதக் கடைசி வரைதான் இந்தச் சலுகை. ‘உடம்பில் நிற்கும் வரை’ என்பது அவள் போடச் சொன்னது. “ஒரு தடவைன்னு போடு, போதும்” என்று தம்பி எவ்வளவோ மன்றாடினான். அவளா கேட்பாள்?

அனுப்புவதற்கு முன் வீடு மாறியவர்களையும் இறந்தவர்களையும் நீக்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். செத்தவர் வீட்டுக்கு ‘வாருங்கள்’ என்று கடிதம் போனால் அந்த வீடு என்ன பாடுபடும்? ஆனால் அவள் மனிதர்களைப் பெயரால் நினைவு வைக்கிறவள் இல்லை, துணியால் நினைவு வைக்கிறவள். “பச்சைக் கட்டம் போயிட்டாரு, அடி. கோடு போட்ட கால்சட்டை மகள் வீட்டோட போயாச்சு, அடி. சாம்பல் கோட்டு செத்துட்டாரு, அடி.” தம்பியும் நோட்டில் பெயர்களை அடித்துக்கொண்டே போனான்.

கடிதம் வேலை செய்தது. மடித்த உடுப்பும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். வயிற்றைத் தடவிக்கொண்டு, “துணி சுருங்கிப்போச்சும்மா” என்றார்கள். “ஆமா, துணிதான் வேளாவேளைக்கு சாப்பிட்டுச்சு” என்று அவள் தையலைப் பிரித்தாள். பிரித்ததைத் தைத்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் புதுத் துணியும் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தம்பியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கோர்ட்டு குமாஸ்தா படியேறி வந்து சண்டை பிடித்தார்.

“தெரு பூரா கடிதாசி போட்டிருக்கீங்க, எனக்கு மட்டும் இல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவர் கையில் சாம்பல் நிறக் கோட்டு.

நாடாக்கா கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். சாம்பல் கோட்டு இரண்டு. ஒன்று இந்த குமாஸ்தாவுடையது. இன்னொன்று கடிகாரம் பழுது பார்ப்பவருடையது. அவர் இறந்த அன்று அவர் அக்கா ஓடி வந்து, “பழைய அளவுலயே ஒரு கோட்டு, சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்று அழுது, அவள் அவசர அவசரமாகத் தைத்துக் கொடுத்தது. இனி அவருக்கு எதற்குப் பை என்று இரண்டு பைகளின் வாயையும் நீல நூலால் மூடித் தைத்தாள். அந்தக் கோட்டோடுதான் அவரைப் புதைத்தார்கள். மண் போடும் வரை இவளும் நின்று பார்த்தாள். தம்பி அன்று ஊரில் இல்லை.

“அப்ப கடிதாசி?” என்றாள்.

“குமாஸ்தா பேரை அடிச்சுட்டேன். கடிகாரக்காரருக்குப் போயிடுச்சுக்கா” என்றான் தம்பி. “கோட்டு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதியிருக்கேன்.”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தாள். அதற்குள் அவர் அக்காவே வந்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடி ஒரு கோட்டை நீட்டினாள்.

“இளைச்சுட்டான், டெய்லரம்மா. தோள்ல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க.”

துணி கிணற்றுச் சுவர்போலக் குளிர்ந்திருந்தது. நாடாக்கா காலரைத் திருப்பினாள். தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? பைகளைப் பார்த்தாள். நீல நூல் அறுந்து தொங்கியது. கத்திரி பட்ட அறுப்பு இல்லை, உள்ளேயிருந்து இழுத்த அறுப்பு. பைக்குள் மடித்து வைத்திருந்தது அவர்களுடைய கடிதம்.

“யாரோ வேற கோட்டைத் தச்சு விளையாடறாங்க” என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “முடியாதுன்னு அனுப்பிடு.”

“கடிதாசி நம்மளுதா இல்லையா?”

“நம்மளுதுதான்.”

“தையல்?”

அவன் காலரை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தாள். தையல் ஓர் இடத்திலும் கோணவில்லை. அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு, அவர் சந்தோஷப்படுவார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். “இன்னும் இளைச்சுட்டான்.” மறுபடி பிடித்தாள். இந்த முறை தையலுக்குள் ஈரமண் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் மழைக்கால வாடை கடை முழுதும் எழுந்தது. காத்திருந்த ஒரு பெண் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள். ஊர்ப்பேச்சு அங்கேதான் முளைத்தது.

மாதக் கடைசி நாளில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அந்த அம்மாள் மூன்றாம் முறையாக வாசலில் நின்றாள். எல்லாரும் தள்ளி நின்றார்கள். தம்பி, அக்காவின் காதில், “சலுகை முடிஞ்சுதுன்னு சொல்லுக்கா, கால்ல விழறேன்” என்றான்.

“இன்னிக்குப் பொழுது இருக்கில்ல? உடம்புல நிக்கற வரைக்கும்னு எழுதியிருக்கோம். அதை நம்பித்தான் இவங்க அத்தனை பேரும் வந்தாங்க. இந்தம்மாவத் திருப்பி அனுப்பினா, நாளைக்கு யாருடா நம்ம சொல்ல நம்புவா? கடையை நீயே பூட்டின மாதிரிதான்.”

“அப்ப புடிச்சுக் குடுத்துத் தொலை!”

“எப்படிடா புடிக்கறது? ரெண்டு தடவை வாய்ச்சொல்ல நம்பிப் புடிச்சாச்சு. மூணாவது தடவை உடம்பைப் பாக்காம கத்திரி வச்சா துணி பாழ். அப்பா சொன்னதுதானே?”

அவன் நோட்டை மூடினான். ஆமாம், அப்பா சொன்னதுதான். மூன்றாம் முறை ஆளை நிறுத்தி வைத்து அளக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது.

அவள் கோட்டை முன்கையில் போட்டுக்கொண்டாள். குண்டூசி டப்பாவை எடுத்தாள், சாக்பீஸை எடுத்தாள். வாசலுக்கு வந்து, “அவர் நிப்பாரா, உக்காந்துதான் இருப்பாரா?” என்று கேட்டாள்.

“உங்களுக்காக நிப்பான்” என்றாள் அந்த அம்மாள்.

“அக்கா, போகாதே.”

“அளந்துட்டு வரேன். குமாஸ்தா கோட்டுக்கு பட்டன் தச்சுடு. இஸ்திரிப் பெட்டிய ஆறவிடாதே, வந்ததும் வேணும்.”

படியிறங்கினாள். அந்த அம்மாள் தன் வீடு இருக்கும் தெருப் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம், ஊருக்கு வெளியே இடுகாட்டுக்குப் போகும் வழியில் நடந்தாள். நாடாக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டே அவள் பின்னால் போனாள்.