நயினார் சாரின் வாலும் கொம்பும்

சங்கரநயினாருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது பிழைப்பு. ஆங்கிலம் பேசுவது பயம். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் காலம் தள்ள முடியும் என்பதற்குத் தானே அத்தாட்சி என்று அவரே சொல்லிக்கொள்வார்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது அந்தத் தனியார் கல்லூரி. முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் வருகிற ஜூனுக்குப் பிறகு நிரந்தர வேலையில் இருக்க முடியாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டபோது, பட்டியலில் முதல் பெயர் இவருடையதுதான். ஆராய்ச்சியில் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆய்வேட்டைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்லா வளருது, போன வாரம் பல்லு முளைச்சிருக்கு" என்பார்.

தலைப்பு, தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்களை ஏன் விடுகிறார்கள், ஏன் தப்பாகப் போடுகிறார்கள் என்பது. இன், ஆன், அட், டு, ஃபார் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற அந்தச் சின்னச் சொற்கள்தான் அவருடைய வாழ்நாள் எதிரிகள்.

ஒருநாள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த மனைவி ஆவுடையிடம் தன் கொள்கையை விளக்கினார்.

"இந்தா பாரு. தமிழ்ல உறவைச் சொல்றது வாலு மாதிரி. பேருக்குப் பின்னால ஒட்டும். ஆவுடையை, ஆவுடைக்கு, ஆவுடையோட. இங்கிலீஷ்ல அது கொம்பு. பேருக்கு முன்னாலயே முளைச்சிருக்கணும். தமிழ்ல நான் 'ஆவுடை'ன்னு கூப்பிட்டுட்டு, அப்புறமா ஐ போடவா, க்கு போடவான்னு யோசிச்சுக்கலாம். இங்கிலீஷ்காரன் கூப்பிடுததுக்கு முன்னாலயே யோசிச்சாகணும்."

"கூப்பிட்டுட்டு அப்புறம் யோசிக்கிறதுதான் உங்களுக்கு எப்பவும் வழக்கமாச்சே. பொண்ணு பார்க்க வந்தப்பவும் அப்படித்தான். சட்னி போதுமா?"

சட்னி போதவில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, சட்னி இல்லாமல்.

கொள்கை இதுதான். 'ஐ', 'க்கு' போன்றவை பெயரோடு ஒட்டிக்கொண்டு விடுவதால், அவை தனிச் சொல் என்ற நினைப்பே நமக்கு இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது பெயர் மட்டும் போகிறது, வால் வழியிலேயே விழுந்துவிடுகிறது. 'நான் சொல்றதைக் கேளு' என்பவன் 'லிசன் மீ' என்கிறான். 'எனக்கு விளக்குங்க' என்பவன் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்கிறான். 'மெட்ராஸ் போறேன்' என்று வாலே இல்லாமல் பேசிப் பழகியவன் 'கோயிங் மெட்ராஸ்' என்கிறான். ஆனால் 'மேல்', 'பற்றி' போன்றவை பெயருக்குப் பின்னால் வந்தாலும் தனிச் சொற்களாக நிற்பவை. அவை விழுவதில்லை, மொழிபெயர்ந்து கூடவே வந்துவிடுகின்றன. 'என் மேல கோபம்' என்பது 'ஆங்க்ரி ஆன் மீ' ஆகிறது. 'அதைப் பற்றி விவாதிப்போம்' என்பது, தேவையே இல்லாத இடத்தில், 'டிஸ்கஸ் அபௌட் இட்' ஆகிறது. வீட்டில், பஸ்ஸில், மேசையில் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்'. அதனால் ஆங்கிலத்தின் இன், ஆன், அட் மூன்றில் எதை எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுக்கிறோம்.

இதற்குச் சான்றாக, தன் வகுப்பில் மாணவர்கள் பேசுவதைப் பல பருவங்களாகப் பதிவு செய்திருந்தார். செல்போனை டஸ்டருக்கு அடியில் வைத்துவிடுவார். எழுத்தாக்கும்போது மாணவர் பேச்சை மட்டும் எழுதுவார். ஆசிரியர் பேசுகிற இடத்தில் 'ஆ' என்று போட்டு வரிசையாகப் புள்ளி வைத்துவிடுவார். ஆசிரியர் பேச்சில் ஆராய என்ன இருக்கிறது?

ஒருவழியாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கும் நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம், சபையில் போட்டுக் காட்ட நல்ல துண்டாக ஒன்று தேடினார். வசதிக்காக, ஆசிரியர் பேசுகிற இடங்களைத் தாண்டாமல் முழுப் பதிவையும் ஓடவிட்டார். ஒரு குரல் கேட்டது. கனத்த, திருப்தியான, கொஞ்சம் சளி கட்டிய குரல்.

"ஸ்டூடண்ட்ஸ், லிசன் மீ. லுக் த போர்ட். நௌ வீ வில் டிஸ்கஸ் அபௌட் ப்ரிபொசிஷன்ஸ்."

யார் இந்தப் பாவி என்று ஒரு கணம் கோபமே வந்துவிட்டது. அப்புறம் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

அதோடு போயிருந்தால் தேவலை. அதே குரல் தொடர்ந்து தமிழில் சொன்னது: "ரொம்ப ஈசிம்மா. க்குன்னா டு. மேலன்னா ஆன். பற்றின்னா அபௌட். இதை மனப்பாடம் பண்ணிக்கிட்டா போதும்." அடுத்த வாரப் பதிவில் செல்வக்கனி என்ற மாணவி, 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதை 'ரீச்டு டு ஹோம்' என்கிறாள். அவருடைய பட்டியலில் அந்தத் தப்புக்கு எதிரே எழுதியிருந்த காரணம், 'தாய்மொழியின் தாக்கம்'. தாய்மொழி பாவம், பள்ளத்தை மட்டும்தான் தோண்டியிருந்தது. அதில் பிள்ளையைத் தள்ளிவிட்டது டஸ்டருக்கு இந்தப் பக்கம் நின்ற ஆள்.

வரலாற்றுத் துறை மரியதாஸிடம் மட்டும் சொன்னார். கேண்டீனில் மரியதாஸ் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"வே நயினாரு, இதை வெளிய மூச்சு விட்டுராதயும். வாய்மொழித் தேர்வுங்கது கல்யாணம் மாதிரிவே. மாப்பிள்ளைக்கு யாரும் பரீட்சை வைக்கப்போறதில்ல. காரசேவு நல்லாயிருந்தா டாக்டர். வெளியூர்லருந்து பரீட்சை பண்ண வார அந்தம்மா இடக்கா எதாவது கேட்டா, விதிவிலக்குன்னு சொல்லிரும். இலக்கணத்துல விதிவிலக்கு இல்லாத விதி உண்டா?"

"பொய்யில்லையா அது?"

"ஜூன் மாசம் வருதுல்லா. அது பொய்யா?"

தேர்வன்று பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடம் நிரம்பியிருந்தது. பின்வரிசையில் அவருடைய மாணவர்கள், முன்வரிசையில் உறவுக்காரர்கள். ஓரத்து மேசையில் காரசேவும் ஜாங்கிரியும் அட்டைப் பெட்டிகளில் காத்திருந்தன. பக்கத்தில் பொன்னாடைகள். ஆவுடை தன் பையில் இன்னொன்றும் வைத்திருந்தாள். 'டாக்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்ட பித்தளைப் பலகை. "கொம்பு முன்னாலதானே முளைக்கணும்னு சொன்னீங்க" என்று காலையில் காட்டியிருந்தாள்.

வெளித்தேர்வாளர் மைசூரிலிருந்து வந்த பேராசிரியர் கங்காம்பிகே. சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்தார்.

"நயினார், நல்ல வேலை. எங்க கன்னடத்துலயும் 'அல்லி' ஒண்ணுதான், இன், ஆன், அட் மூணுக்கும். நானே இன்னும் தடுமாறுவேன். ஒரே ஒரு சந்தேகம். ஒட்டின உருபு வழியில விழுந்துரும், தனிச் சொல்லா நிக்கிறது கூடவே வரும்னு சொல்றீங்க. அப்ப 'ரீச்டு டு ஹோம்' எப்படி வந்துச்சு? வீட்டுக்குல 'க்கு' ஒட்டித்தானே இருக்கு? அது விழுந்திருக்கணுமே. ஆங்கிலத்துல தேவையே இல்லாத 'டு' எங்கேருந்து முளைச்சுது?"

மூன்றாவது வரிசையில் மரியதாஸ் உதடு அசைத்தார். வி-தி-வி-ல-க்கு.

நயினார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். பின்வரிசையில் செல்வக்கனி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தப்பு தாய்மொழியால் வந்தது என்று அச்சிட்ட பக்கம் அதோ அந்த அம்மாவின் கையில் இருக்கிறது.

"மேடம்," என்றார், "அது விதி..." நிறுத்தினார். "அது... நான், மேடம்."

"என்ன?"

"கேட்டுப் பாருங்க."

மடிக்கணினியில் அந்தப் பதிவைத் திறந்தார். கூடத்தின் ஒலிபெருக்கி புதிது. அவருடைய சளியைக்கூடத் தெளிவாகக் கேட்கவைத்தது. லிசன் மீ. லுக் த போர்ட். பின்வரிசை முதலில் குலுங்கியது. டிஸ்கஸ் அபௌட் ப்ரிபொசிஷன்ஸ் வந்தபோது முன்வரிசை உறவுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், எதற்கென்று தெரியாமலே. 'க்குன்னா டு' என்று குரல் சொன்னபோது கங்காம்பிகே மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலால் ஏதோ குறித்தார்.

"இந்தத் தகவலாளி யாரு?" என்று கேட்டார்.

"தாய்மொழி தமிழ், மேடம். ஆசிரியத் தொழில். அனுபவம் ரொம்ப. திருந்துற வயசு தாண்டியாச்சு."

அந்த அம்மா இப்போது சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"வால் ஏன் விழுதுங்கறதுக்கு உங்க விடை சரி. ஆனா விழுந்த இடத்துல தப்பான கொம்பை ஒட்டிவிடறது யாருங்கறது உங்க ஆய்வேட்டுல புள்ளி புள்ளியா இருக்கு. அந்தப் புள்ளியெல்லாம் நிரப்பி ஒரு அத்தியாயம் எழுதிக் கொண்டாங்க. அப்புறம் மறுபடி உட்காருவோம். இன்னைக்கு என்னால டாக்டர்னு அறிவிக்க முடியாது. காரசேவு மட்டும் சாப்பிட்டுட்டுப் போறேன்."

பொன்னாடைகள் மடித்தபடியே திரும்பிப் போயின.

பஸ்ஸில் ஆவுடை கேட்டாள்.

"ஏங்க, விதிவிலக்குன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாளா?"

"விட்டிருப்பா."

"மரியதாஸ் அண்ணாச்சி என்ட்ட முன்னாலயே சொல்லிட்டாரு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பேசுததுக்கு முன்னால யோசிச்சது வாழ்க்கையில இதுதான் முத தடவ. அதுவும் இப்படி முடிஞ்சிருக்கு."

ஜூன் வந்தது. நயினார் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தற்காலிக ஆசிரியரானார். மேசை போய், நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டு எழுதினார். எழுதுவது ஆஸ்பத்திரியில் தன் எக்ஸ்ரேயைத் தானே பார்ப்பது போல இருக்கிறது என்று மரியதாஸிடம் சொன்னார்.

வகுப்பில் செல்போனை இப்போது டஸ்டருக்கு மேலேயே வைத்தார். "நான் தப்பு விட்டா கையைத் தூக்கணும்" என்று சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடத்தில் அப்படி ஒரு ஆர்வம் அதற்கு முன்பு வந்ததே இல்லை.

"ஸ்டூடண்ட்ஸ், லிசன்..." என்று ஆரம்பித்து நிறுத்துவார்.

கைகள் பாதி எழுந்து அந்தரத்தில் நிற்கும்.

"...டு மீ" என்பார்.

"சே!" என்று செல்வக்கனி கையை இறக்குவாள்.

அந்த அத்தியாயத்தில் அவர் தன்னை 'ஆசிரியர் 1' என்று குறிப்பிட்டார். இரண்டாவது ஆசிரியர் யாரும் இல்லையே, எண் எதற்கு என்று அவருடைய ஆய்வு வழிகாட்டியான அம்மையார் கேட்டபோது, "தனியா நிக்க வெக்கமா இருக்கு மேடம்" என்றார். மறு அமர்வில் கங்காம்பிகே அந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றி மட்டுமே கேட்டார். இந்தத் தடவை பொன்னாடைகள் பிரிக்கப்பட்டன. நிரந்தர வேலை அடுத்த ஜூனில்தான் திரும்பி வந்தது, பழைய மேசை இல்லாமல்.

பித்தளைப் பலகையை ஆவுடை வாசல் கேட்டில் மாட்டினாள். நயினாருக்கு அது கூச்சம். வெளியே போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கேட்டைத் திறந்து பழகிக்கொண்டார். இப்போது நயினார் இல்லை, வீட்டில் ஆவுடை மட்டும்தான் இருக்கிறாள். கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வந்தவர், அதைக் கழற்றி உள்ளே வைக்கட்டுமா அம்மா என்று கேட்டார்.

"வேண்டாம். அதைச் சுத்தி அடிங்க" என்றாள்.