எனலேசி படித்த மூன்று அம்புகள்

என் மகன் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து கடிதம் போட்ட காலத்தில், அதைப் படித்துச் சொல்ல நான் எனலேசி நசிபேகோவிடம்தான் போவேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோழி கிளறினது போலிருந்தால் எனக்கு ஓடாது. எனலேசி கடிதத்தை வாங்கியதும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் படிப்பாள். வெளிச்சத்துக்காக என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் அழுவதைத் தான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி உட்கார்ந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. மகன் எழுதிய நல்லதையும் படிப்பாள், கெட்டதையும் படிப்பாள். ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், ஒன்றை விடமாட்டாள்.

அதுதான் அவள் வேலையும். எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு என்று ஒரு தனி அறை உண்டு. பரீட்சைத் தாளை அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள் எனலேசி. எழுத்தை யாரும் வாசிக்கலாம். படத்தை வாசிப்பதுதான் கஷ்டம். வரைந்திருப்பதை மட்டும் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. அந்த அறைக்குக் கஞ்சி கொண்டுபோகிற சமையல்காரி நான். அதனால்தான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

தமண்டானி என்ற பையன் நாலு வயதில் அம்மை வந்து கண் போனவன். அவனுக்கு இயற்பியல்மேல் அப்படி ஓர் ஆசை. தலைமை ஆசிரியர் ஜெரே விடவில்லை. "கண்ணில்லாத பிள்ளை படம் போட்ட பாடத்துல உட்கார்ந்து பெயிலாகறதுக்கா? வேதபாடம் எடுக்கட்டும்" என்று பரீட்சைப் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை அடிக்கப் போனார். இயற்பியல் சொல்லிக்கொடுத்த கச்சாலே சார்தான் குறுக்கே நின்றார். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று: கச்சாலே சார் ஒரு படக் கேள்வி தருவார், படத்தில் என்ன நடக்கிறது என்று தமண்டானி தலைமை ஆசிரியர் முன்னால் சரியாகச் சொன்னால் பெயர் இருக்கும், தப்பினால் அடிக்கப்படும்.

அதற்குள் கச்சாலே சார் நுரையீரல் வியாதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். "படுத்துக்கிட்டே வரைஞ்சு போன்ல அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை. தலைமை ஆசிரியர் பத்து மணி வரைக்கும் பார்ப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி மலையிலிருந்து இறங்கி ஜன்னலில் முகம் வைத்தாற்போல் நின்றது. பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது எனலேசியின் போன் சத்தம் போட்டது. கச்சாலே சாரின் பெயர். ஒரே ஒரு போட்டோ, வேறு ஒரு சொல்லும் இல்லை.

"தமண்டானி, படிக்கறேன் கேளு" என்றாள் எனலேசி. அவள் வழக்கம், இடது மேல் மூலையில் ஆரம்பிப்பது. "கோடு போட்ட தாள். இடது ஓரத்துல ஒரு கையோட நிழல் விழுந்திருக்கு. விரல் விரிச்சிருக்கு. நடுவுல ஒரு நீளக் கோடு, படத்தோட கீழ் ஓரத்துக்குச் சமமா போகுது. அதுமேல ஒரு பெட்டி. நீளக் கோட்டோட இடது நுனியில இருந்து இன்னொரு கோடு வலதுபக்கமா சரிஞ்சு கீழ போகுது. அதுக்கு அடியில தரைக்குப் போடற சின்னச் சின்னக் கீறல்."

தலைமை ஆசிரியர் எனலேசியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பெட்டி மேசை மேல இருக்கு. நேரா சொல்லுங்களேன்."

"மேசைன்னு எழுதலையே சார். கீறல் இருக்கற கோடுதானே தரை? போட்டோ சாஞ்சு வந்திருக்கு."

தமண்டானி இரண்டு உள்ளங்கைகளையும் கோணமாக வைத்துத் தானே திருப்பிப் பார்த்தான். "அப்போ பெட்டி சரிவுமேல இருக்கு. ரெண்டு கோடும் சேர்ற இடம் சரிவோட அடி. அம்பு எத்தனை டீச்சர்?"

"மூணு. பெட்டியோட நடுவுல இருந்து ஒண்ணு, டபிள்யூ. போட்டோவுல இடதுபக்கமா சாஞ்சு கீழ வருது. தரைக் கோட்டை வச்சுப் பார்த்தா அதுக்குச் செங்குத்து."

"எடை. நேரா பூமியைப் பார்த்து."

"ரெண்டாவது ஆர். சரிவுக் கோட்டுக்குச் செங்குத்தா, கோட்டை விட்டு வெளியே போகுது."

"சரிவு பெட்டியைத் தாங்கற விசை."

"மூணாவது எஃப். சரிவோட ஒட்டி. ரெண்டு கோடும் சேர்ற பக்கமா."

தமண்டானியின் கை நின்றது. "அடிப்பக்கமாவா?"

"அடிப்பக்கம்தான்."

தலைமை ஆசிரியர் சிரித்துவிட்டார். "உராய்வு சரிவுல மேல பார்த்துத்தான் இருக்கும், நாங்க பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணினது. மனுஷன் காய்ச்சல்ல மாத்திப் போட்டுட்டார். மேலேன்னு படிங்க, பையன் பிழைக்கட்டும்."

"அம்போட மூக்கு கீழே இருக்கு சார். மேலேன்னு எப்படிப் படிப்பேன்?" என்றாள் எனலேசி. குரல் தாழ்ந்துதான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை, கையின் நிழலையும் விடாமல், அப்படியே படித்தாள்.

நான் கஞ்சிப் பாத்திரத்தைப் பிடித்தபடி மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். பையன் ஓர் உள்ளங்கையைச் சாய்த்துவைத்து, அதன்மேல் மற்றக் கையின் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். பிறகு, "டீச்சர், மேல இழுக்கற கயிறு இருக்கா? தள்ளற அம்பு ஏதாவது?"

"இல்லை. மூணே மூணுதான்."

"அப்போ தப்பா வரையலை. உராய்வு நகர்றதுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும். அது கீழ பார்த்தா, பெட்டி மேல ஏறிட்டிருக்கு. தள்ளின கை எப்பவோ எடுத்தாச்சு. இப்போ யாரும் அதைத் தொடலை. எடையும் உராய்வும் கீழ இழுக்குது, வேகம் குறையுது. ஆனா இன்னும் மேலதான் போகுது."

அறையில் யாரோ நடந்துபோன மாதிரி குளிர்ந்தது. பனி என்று வைத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியர் போனை வாங்கினார், தலையைச் சாய்த்தார், போனைத் திருப்பினார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து தமண்டானியின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். மை காயுமுன்னே போன் அடித்தது.

கச்சாலே சாரின் தம்பி. அண்ணன் விடியற்காலம் நாலு மணிக்கே போய்விட்டார் என்றான். முந்தின நாள் சாயங்காலமே போன் அணைந்துபோயிற்றாம். ஊருக்குச் சொல்லலாம் என்று இப்போதுதான் அதற்கு உயிர் கொடுத்தானாம், பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது. தேங்கிக் கிடந்த போட்டோ அப்போது கிளம்பியிருக்கும் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். இருக்கலாம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எடுத்ததால் சாய்ந்திருக்கிறது, அதுவும் சரி. "தள்ளின கை எப்பவோ எடுத்தாச்சு" என்று பையன் சொன்னபோது கர்த்தர் அந்த அறையில் என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் போட்டோவை எல்லோரும் தங்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். நானும் என் தங்கை மகள் போனில் பார்த்தேன். பெட்டி இருந்தது, மூன்று அம்பும் இருந்தன. இடது ஓரத்தில் வெறும் தாள்தான். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவரும் நிழல் எதையும் பார்க்கவில்லை என்றார். எனலேசியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் ஒரு கமாவைக்கூடக் கூட்டாதவளிடம் எப்படிக் கேட்பது?

தமண்டானி இயற்பியலில் தேறினான். அடுத்த மழைக்கு முன்னால் எனலேசிக்கு வடக்கே ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. நான் மாண்டாசிப் பணியாரம் சுட்டுத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏற்றப் போனேன். பஸ் உறுமியது. அப்போதுதான் தைரியம் வந்தது.

"எனலேசி, கோவிச்சுக்காதே. அந்தப் படத்துல கையோட நிழல் நிஜமாவே இருந்துச்சா?"

அவள் படியில் ஏறி நின்று, முதல் தடவையாக முகத்தை என் பக்கம் திருப்பியே சொன்னாள்:

"இல்லாததை நான் எப்பவாவது உங்களுக்குப் படிச்சிருக்கேனா அக்கா?"