கெலிஓயாவில் விட்டுவந்த கொப்பி

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எங்கள் வீட்டு அலுமாரியில் அடையாள அட்டையின் போட்டோ கொப்பிகள் எப்போதும் ஒரு கட்டாக இருக்கும். வீட்டைப் பொலிசில் பதியவும், கொழும்பில் ஓர் இரவு தங்கவும், ஒரு பார்சல் அனுப்பவும்கூடக் கொப்பி கேட்டார்கள். கேட்டவுடன் கொடுப்பவனைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்று நம்பினோம். தமிழர்களாகிய நாங்கள் அட்டையைப் பத்திரப்படுத்திய அளவுக்குக் கொப்பியைப் பத்திரப்படுத்தவில்லை. கொப்பியைத் தாராளமாகக் கொடுப்பதையே பாதுகாப்பு என்று எண்ணினோம்.

என் மனைவி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தாள். வழியில் பஸ்ஸை மறித்துச் சோதிப்பார்கள். பிந்தினால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை, கெலிஓயாவில் உறவினரைப் பார்த்துத் திரும்பும்போது, ஒரு கொமினிகேசன் கடையில் அவளுக்குக் கைபேசி வாங்கினோம். அன்று வீட்டிலிருந்து கொப்பி எடுத்துப் போகவில்லை. கடைக்காரர் சிம் பதிவதற்காக அட்டையை வாங்கித் தன் மெசினிலேயே கொப்பி அடித்தார். முதல் கொப்பி கறுத்து வந்தது. இடது மூலையில் ஒரு தடித்த கோடும் விழுந்திருந்தது. அதைக் கீழே இருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்று அடித்தார்.

"அதையும் தாங்கோவன்," என்றேன்.

"அது குப்பை சேர். கிழிச்சுப் போட்டுருவோம்," என்றார்.

மனைவி என் கையைச் சுரண்டினாள். "வாங்க, பஸ் வந்துருச்சு. குப்பைக்கும் கணக்கா?"

நாங்கள் பஸ் ஏறினோம்.

சில மாதங்களுக்குப் பின், ஒரு விடுமுறை நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு பொலிஸ்காரர் கண்டியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அவளைத்தான் கேட்டார்கள். நானும் கூடப் போனேன். நிலையத்தில் சாஜன் தரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் எங்களை மர வாங்கிலில் இருத்திவிட்டு ஒரு தொலைபேசி எண்ணைப் படித்தார்.

"டீச்சர், இந்த நம்பர் உங்கட?"

"இல்லீங்க. என் நம்பர் வேற."

"பேர் உங்கட. அட்டையில இருக்கிற ஐ.சி. நம்பர் உங்கட. கொப்பியும் உங்கட. அப்ப சிம் யாருக்கு?"

கொழும்பில் ஒரு லொட்ஜைச் சுற்றிவளைத்தபோது ஒரு மலையக இளைஞன் பிடிபட்டிருந்தான். அவனிடம் அடையாள அட்டை இல்லை. ஆனால் அவன் கைபேசிக்குள் இருந்த சிம் என் மனைவியின் பெயரில் இருந்தது. சாஜன் விண்ணப்பத்தின் பிரதியைத் திருப்பிக் காட்டினார். அதோடு சேர்ந்திருந்த கொப்பி கறுத்திருந்தது. இடது மூலையில் அந்தக் கோடு. கீழே இருந்த கையொப்பம் ஆங்கிலத்தில். என் மனைவி தமிழில் மட்டுமே கையொப்பமிடுவாள்.

அவள் அதைச் சொன்னாள். சாஜன் தலையை ஆட்டினார். "சைன் யாரும் மாத்திப் போடலாம்தானே?"

அன்று அவளை உள்ளே வைக்கவில்லை. பாடசாலை அதிபர் வந்து பொறுப்பெடுத்தார். ஆனால் கண்டி மாவட்டத்தைவிட்டுப் போகக்கூடாது, கிழமைக்கு ஒருமுறை வந்து கையொப்பம் வைக்கவேண்டும், கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தால் மறுபடி விசாரிப்பார்கள் என்றார்கள். அந்த "வந்தால்" என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வாசலில் வாகனம் நின்றால் இருவரும் பேச்சை நிறுத்துவோம். அவள் ஒரு பையில் மாற்றுடுப்பும் சவர்க்காரமும் எடுத்துவைத்தாள். நான் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன்.

கெலிஓயாவுக்குப் போனோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினார். சிம்மோடு ஒருவன் பிடிபட்டதைச் சொன்னேன்.

"டீச்சர், பள்ளிவாசல்ல வெச்சுச் சத்தியம் பண்ணுவேன், கெட்ட எண்ணமில்ல. அவனுக்கு ஐ.சி. இல்ல. பொறந்த பத்திரமே தோட்டத்துல எழுதல்ல. கொழும்புக்கு வேலைக்குப் போறான், தாயோட பேசணும்னு அழுதான். பெட்டிக்குள்ள கொப்பி கிடந்திச்சு."

"என் கொப்பிதானா கெடச்சிச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"கையில வந்தது அதுதான்."

"அதை எழுதித் தாங்கோ," என்றேன்.

"எழுதினா என்னை உள்ளுக்குப் போடுவான் சேர். எனக்கும் மூணு புள்ள."

திரும்பும் வழியில் அவள், "என் வகுப்புலயும் பொறப்புப் பத்திரம் இல்லாததுங்க நாலஞ்சு இருக்குங்க," என்றாள். "அந்தப் பையன் யாரோட புள்ளையோ."

"முதல்ல உம்மைப் பாரும்," என்றேன்.

அடுத்த நாள் கண்டியில் தொலைபேசிக் கம்பனியின் கிளைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் அசல் அட்டையைப் பார்த்து, அந்த அட்டை எண்ணில் பதிந்த சிம்களைத் தேடினாள். எங்களுடையதையும் பிடிபட்டதையும் தவிர இன்னும் இரண்டு இருந்தன.

"கடிதம் தந்தா மூன்றையும் வெட்டலாம். ஆனா மற்றக் கம்பனியிலயும் எடுத்திருக்கலாம், அது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொண்டா போய்க் கேட்கணும். பொலிஸ்ல முறைப்பாட்டு என்ட்ரியும் போடுங்க."

கொப்பி கொடுப்பதைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுத வேண்டும். எழுத்தின் ஒரு பகுதி அட்டையின் படத்துக்கு மேலே ஏற வேண்டும், வெளியே மட்டும் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி கொப்பி எடுப்பார்கள். எண்ணும் முகமும் மறையக்கூடாது. பழுதாய்ப் போன கொப்பியைக் கேட்டு வாங்கி, நாமே கிழிக்க வேண்டும். "இதெல்லாம் செய்தாலும் ஏமாத்து முழுசா நிற்காது," என்றாள். "ஏமாத்துறவனுக்குக் கஷ்டமாகும். உங்களுக்குச் சொல்ல ஒரு ஆதாரம் இருக்கும்."

வெட்டும் கடிதத்தை நான் எழுதினேன். மனைவி பேனாவை வாங்கிக்கொண்டு கையொப்பமிடாமல் நின்றாள்.

"மத்த ரெண்டும் யாருகிட்ட இருக்கும்?"

"எங்களுக்குத் தெரியாது மிஸ்."

"ஏதாச்சும் தோட்டத்து லயத்துல ஒரு அம்மா போன் வருமுன்னு காத்துக்கிட்டு இருக்கும்."

பிறகு அவளே கையொப்பமிட்டாள், தமிழில், வழக்கத்தைவிட மெதுவாக.

அதன் பிரதியையும் அவளுடைய பழைய கையொப்பங்களையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். கடையின் பெயரைச் சொல்லாமல் முறைப்பாடு எழுத முடியாது. சொன்னாள். "அந்தப் பையன் என் கொப்பியத் திருடல, கடையில வாங்கியிருக்கான், அதையும் எழுதுங்க," என்றாள். சாஜன் சிங்களத்தில் எழுதினார். அவள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பையனைப் பற்றிய வரி இல்லை. மறுபடி கேட்டாள். எரிச்சலோடு ஓரத்தில் சேர்த்தார்.

"ஐ.சி. கொப்பி ஒண்டு தாங்க."

மனைவி ஒன்றை எடுத்து, படத்தின் மேலே ஏறும்படி, இந்த முறைப்பாட்டுக்கு மட்டும் என்று எழுதித் தேதியும் போட்டாள்.

சாஜன் சிரித்தார். "பொலிசுக்கும் பயமா டீச்சர்?"

"பயம் இல்லாமயா இங்க வந்து உக்காந்திருக்கேன் சேர்?"

கடைக்காரரை அந்தக் கிழமையே கொண்டுபோனார்கள். கடை பூட்டிக் கிடந்ததைப் பஸ்ஸிலிருந்து கண்டோம். பையனைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை. பின்னொரு நாள் சாஜன், இனிக் கையொப்பம் வைக்க வரத் தேவையில்லை என்றார். அதை எழுதித் தரும்படி கேட்டேன். "அப்படி எழுதித் தாறது இல்லை," என்றார்.

மறுநாள் காலை ஹேவாஹெட்ட பஸ்ஸை மறித்தார்கள். அவள் அட்டையை நீட்டினாள். சிப்பாய் எண்ணை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான். பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். சிப்பாய் எண்ணை எழுதிக்கொண்டதைச் சொன்னாள். எதற்கு என்று கேட்டீரா என்றேன். கேட்கவில்லை என்றாள். மாற்றுடுப்புப் பையை நான் அன்று பிரித்து வைக்கவில்லை.