தேவியின் முகத்தை மறைக்கச் சொன்ன செங்கேணி

2009இல், ஊர் ஊராகச் சுற்றி அலுத்துத் திரும்பிய கையோடு, உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். பள்ளியின் யூடியூப் சேனலும் என் பொறுப்பில் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் தாளாளரின் மகன் தொடங்கிக் கொடுத்த சேனல் அது. பார்ப்பவர்களும் பெரும்பாலும் அந்த மகன், அவன் நண்பர்கள், பிறகு தாளாளர். தாளாளர் முத்துகிருஷ்ணன் தினமும் காலையில் லேபுக்கு வந்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

அந்தச் சேனலைப் பற்றித்தான் செங்கேணியின் கடிதம் வந்தது.

சாலவாக்கத்துக்கு உள்ளே, ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பில் இருப்பவள் செங்கேணி. விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாள். பிறகு கல்யாணம், நடவு, களையெடுப்பு, சவுக்கு வெட்டு. குடியிருப்பில் யாருக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றாலும், மனு எழுதிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூடப் போவது அவள்தான். அங்கே இருளரை இருளர் என்று நம்ப வைக்க வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். கோபத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மரியாதையை மட்டும் மேஜைமேல் வைக்க அவள் அங்கேதான் பழகியிருப்பாள். இல்லாவிட்டால் அப்படி ஒரு கடிதம் எழுத முடியாது:

“மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் மகள் தேவி தங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளைச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டதற்கு என்றும் நன்றியுடையேன். ஆண்டு விழாவில் தாங்கள் அவளுக்குப் புத்தகப் பை வழங்கும் படத்தைப் பிரௌசிங் சென்டர் ஒன்றில், பள்ளிச் சேனலில் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. அதில் என் மகளின் முகத்தை மட்டும் தெரியாதபடி மங்கலாக்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் தெரியலாம்.”

படத்தின் தலைப்பு, ‘ஏழை இருளர் மாணவி தேவிக்கு எங்கள் உதவிக்கரம்’. நாலு நிமிஷப் படம். மேடையில் தாளாளர் பேசுகிறார், பை கொடுக்கிறார், மறுபடி பேசுகிறார். இது வெளியாகி, லேபில் பிள்ளைகளும் பார்த்த நாளிலிருந்து வகுப்பில் தேவிக்குப் பெயர் ‘இலவசம்’. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவளுக்கு முன்னால் நாலு பையன்கள் “இலவசம் பிரசெண்ட் மிஸ்” என்பார்களாம். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பையை வீட்டுக் கூரையில் சொருகிவிட்டு, இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குடியிருப்பில் ஒரு பிள்ளை ஒருமுறை நின்றுவிட்டால் அடுத்த வருஷம் செங்கல் சூளையில்தான் பார்க்கலாம். செங்கேணிக்கு அது தெரியும்.

தாளாளர் கடிதத்தைப் படித்துப் புண்பட்டார். நல்லது செய்தால் இதுதான் மிச்சம் என்று, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எப்படிச் செய்வது என்று கேட்டார். தலைப்பை இப்போதே மாற்றலாம் என்றேன். ஆனால் ஏற்றிய படத்தில் அங்கேயே முகத்தை மறைக்க வழியில்லை. ஸ்டுடியோவில் இருக்கும் டேப்பிலிருந்து மறுபடி எடிட் செய்து, புதிய படமாக ஏற்றிவிட்டு, பழையதை நீக்க வேண்டும்.

“அப்போ வியூஸ்?”

“பூஜ்யத்துல இருந்துதான் சார்.”

நானூற்றுச் சொச்சம் வியூஸ். அதில் பாதி அவருடையது. எழவு விழுந்த வீட்டில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தார். தலைப்பில் தேவி பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார். முகம் அப்படியே இருந்தது. தேவியும் வீட்டிலேயே இருந்தாள்.

மறு வாரம் செங்கேணி நேரில் வந்தாள். தாளாளர் அவளுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, அவள் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார். டிவி செய்தியில் யார் முகத்தை மறைக்கிறார்கள் என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார்.

“திருடன், கேஸ்ல மாட்டினவன். இவனுங்க மூஞ்சியத்தாம்மா மறைப்பாங்க. உன் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? நாளைக்கு பாக்கிறவன் அப்டிதான கேப்பான்?”

“கேக்கட்டும் சார். இப்ப தப்பு பண்ணாமயே தான கேக்கிறானுங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர் வேணாமா?”

செங்கேணி யோசித்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“பேரு உங்களுக்குத்தான் சார். குடுத்தவரு மூஞ்சி பளிச்சுனு தெரியட்டும். வாங்கனவ மூஞ்சி எதுக்கு சார், நடுவுல நின்னு மறைச்சிக்கினு கீது?”

எனக்குச் சுருக்கென்றது. தாளாளருக்கு அப்படி இல்லை. அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. முகம் தெளிந்து, ஸ்டுடியோ வேதகிரிக்குப் போன் போட்டார்.

வேதகிரி இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுப்பவர். மாப்பிள்ளை முகத்தைத் தாமரைக்குள் வைப்பார், பெண்ணை இதயத்துக்குள் வைப்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் கேசட்டின் முதல் காட்சியைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் தொழில் அனுபவம். அதனால் அவரும் அதற்குமேல் பார்ப்பதில்லை. டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முதல் காட்சியில் தேவியின் முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு மங்கலை ஒட்டினார். அழகாக உட்கார்ந்தது. முகம் நகரும்போது கட்டத்தையும் கூடவே நகர்த்த வேண்டும். அதைச் செய்யவில்லை. பள்ளியின் இணைப்பு மெதுவாக இருந்ததால், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு பிரௌசிங் சென்டரிலிருந்து அவரே படத்தை ஏற்றிவிட்டார். தாளாளர் உத்தரவுப்படி நான் பழையதை நீக்கினேன்.

படத்தில் முதலில் தேவி மங்கலாக நிற்கிறாள். தாளாளர் மைக்கை விட்டு வருகிறார். அவள் ஓரடி விலகுகிறாள். அவர் குனிகிறார், பையை மாட்டிவிடுகிறார், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். போட்டோகிராபருக்காக அதே குனிவில் வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவு நேரமும் மங்கல் அவர் முகத்தின்மேல். தேவி பக்கத்தில் பளிச்சென்று நிற்கிறாள். சேர்ந்து பார்த்தால், எதிலோ பிடிபட்ட ஒரு பெரியவர், சாட்சியாக ஒரு சின்னப் பெண்.

மகன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். அப்பா, ஏதாவது கேஸா? காஞ்சிபுரத்துச் சம்பந்தி கேட்டார், வக்கீல் தெரியும், பார்க்கட்டுமா? தாளாளர் லேபுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன்.

“மேடம், உடனே எடுங்க. உடனே. மானம் போவுது.”

நீக்கினேன். டேப்போடு வேதகிரி வந்து சேர்ந்தார். செங்கேணியின் கடிதத்துக்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொண்ட பள்ளி, தாளாளர் முகத்துக்கு ஒரு மத்தியானத்தில் வேலையை முடித்தது. நான் பக்கத்தில் உட்கார, வேதகிரி ஒவ்வொரு அசைவுக்கும் கட்டத்தை நகர்த்தினார். அவள் திரும்பினால் அதுவும் திரும்பியது. நடுநடுவே “ஒரு பூ வச்சிட்டா வேல முடிஞ்சிரும் மேடம்” என்று முனகினார். கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஏற்றினோம்.

திங்கட்கிழமை செங்கேணி தேவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். லேபில் இருவருக்கும் படத்தைக் காட்டினேன். தாளாளர் ஒரு புகைமூட்டத்துக்குப் பை மாட்டிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்.

“அது நானா?” என்றாள் தேவி.

“யாருக்குத் தெரியும்?” என்றாள் செங்கேணி.

தேவி சிரித்துவிட்டாள். மணி அடித்தது. அம்மாவின் கையை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினாள். உள்ளே அவளை இன்னும் ஒருவன் ‘இலவசம்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். இவள் அவனை வேறு ஏதோ சொல்லிக் கூப்பிட்டாளாம். என்ன சொன்னாள் என்று மிஸ் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்.

தாளாளர் லேபுக்கு வந்தார், பின்னால் வேதகிரி கேமராவோடு. பெற்றோர் கோரிக்கையை மதிக்கும் பள்ளி என்று ஒரு சின்னப் படம் போடலாமாம். செங்கேணி இரண்டு வார்த்தை நன்றி சொன்னால் போதுமாம்.

“சொல்றேன் சார்,” என்றாள் செங்கேணி. “மூஞ்சிய மறைச்சிடுவீங்க இல்ல?”

தாளாளர் வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி கேமராவின் மூடியைப் போட்டார். சாலவாக்கம் பஸ் வரும் நேரம் என்று சொல்லி, வணக்கம் வைத்துவிட்டு செங்கேணி கிளம்பினாள்.