மச்சாளின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மாதம்

மனைவியின் தமக்கையார் துணுக்காயில் வயலில் கமம் செய்கிறவர். எனக்கு மச்சாள் முறை. அவரிடம் இருந்தது ஒரேயொரு சங்கிலி. அதை வவுனியாவில் ஒரு கடையில் அடைவு வைத்துக் கடன் எடுத்திருந்தார். வெளிநாட்டில் இருந்த தம்பி, அதுதான் என் மச்சான், மீட்கக் காசு அனுப்புகிறேன் என்று ஒரு நாள் தொலைபேசியில் சொன்னான். ஆனால் அவன் கணக்கன். எத்தனை பவுண், எவ்வளவு கடன், என்ன வட்டி, எப்போது தவணை, நாலும் தெரியாமல் ஒரு சதமும் அசையாது. ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுப்பேன், விபரத்தோடு நில்லுங்கோ என்றான்.

நாங்கள் வவுனியா டவுனில் இருந்தோம். கடை தந்த ரசீது, அடைவுத் துண்டு, துணுக்காயில், மச்சாளின் றங்குப்பெட்டியில். பஸ்ஸில் போகிற ஒருவரிடம் துண்டைக் கேட்டுச் சொல்லியனுப்பினேன். மச்சாள் கொடுப்பாரா? துண்டைக் கொடுத்தால் சங்கிலியைக் கொடுத்த மாதிரி என்பது அவருடைய சட்டம். துண்டை வைத்திருக்கிறவர் யாரோ அவருக்கே நகை போகும் என்று அவர் நம்பினார். அதற்குப் பதிலாக ஒரு படம் வந்தது.

துண்டை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. மச்சாள் ஸ்ரூடியோவுக்குப் போய், கூறைச்சேலை உடுத்து, பின்னால் நீலத்திரை தொங்க, கதிரையில் நிமிர்ந்து இருந்து, துண்டை நெஞ்சுக்கு நேரே பரிசு வாங்கினவர் மாதிரிப் பிடித்திருந்தார். துண்டு வேறு ஒருத்தருடையது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம். படத்தின் பின்பக்கத்தில், "எல்லாம் இதிலை இருக்கு" என்று எழுதியிருந்தார். எல்லாம் இருந்தது உண்மைதான். ஒரு முத்திரையளவு இடத்துக்குள் இருந்தது.

வவுனியாவில் எங்களுக்குப் பழக்கமான ஸ்ரூடியோக்காரர் படத்தைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி, துண்டு இருந்த இடத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்து, ஒரு பெரிய தாளில் எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தோம். நான் மூக்குக் கண்ணாடியோடு குனிந்தேன். மனைவி குசினி வாசலில் நின்றபடி மேற்பார்வை செய்தாள்.

"நிறை இருநூற்று நாற்பது கிராம்," என்றேன்.

"எவ்வளவு?"

"இருநூற்று நாற்பது. எட்டுக் கிராம் ஒரு பவுண். முப்பது பவுண். உன்ரை கொக்கா இவ்வளவு நாளும் கழுத்திலை என்னெண்டு தூக்கித் திரிஞ்சவா?"

மனைவி வந்து பார்த்தாள். "கடன் எவ்வளவு போட்டிருக்கு?"

"இருபதினாயிரம்."

"முப்பது பவுணுக்கு இருபதினாயிரம் குடுக்கிற கடை எங்கையப்பா இருக்கு? அக்காவின்ரை கண்ணாடிக் காப்பு மினுங்கின வெளிச்சத்திலை புள்ளி மறைஞ்சு போச்சுது. இருபத்துநாலு தசம் பூச்சியம். மூண்டு பவுண்."

இருபத்துநாலு என்றால் கடன் தொகையோடு ஒத்துப் போனது. அந்த நாள் பவுண் விலைக்கு அது நியாயமான கடன். அடுத்தது வட்டி. இரண்டு வீதம் என்று தெளிவாகவே இருந்தது. இருபதினாயிரத்துக்கு இரண்டு வீதம் நானூறு ரூபாய். ஒரு வருசத்துக்கு நானூறுதானா, இவ்வளவு நல்ல மனிதனா என்று அடைவுகடை முதலாளியை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன்.

"அதுக்குப் பக்கத்திலை மாதத்துக்கு எண்டு அச்சடிச்சுக் கிடக்கு," என்றாள் மனைவி. "பன்ரண்டாலை பெருக்குங்கோ."

நாலாயிரத்து எண்ணூறு. வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

கடைசியாகத் தவணைத் திகதி. பதினெட்டு என்ற நாள் தெரிந்தது. வருசம் தெரிந்தது, நடக்கிற வருசமேதான். நடுவில் இருந்த மாதத்தின் மேல் மச்சாளின் கட்டைவிரல் படுத்திருந்தது. விரலுக்குக் கீழே ஓர் இலக்கத்தின் வால் மட்டும் வளைந்து எட்டிப் பார்த்தது. மூன்றாக இருக்கலாம். ஐந்தாகவும் இருக்கலாம். நாங்கள் அப்போது நாலாம் மாதத்தில் இருந்தோம்.

அடைவு வைத்த திகதியைப் பார்த்தால் தெரியுமே என்று மேலே தேடினேன். தவணை பன்னிரண்டு மாதம் என்று அச்சடித்திருந்தது, ஆகவே வைத்த மாதமும் மீட்க வேண்டிய மாதமும் ஒன்றே. ஆனால் வைத்த திகதியின் மேல் கடையின் ரப்பர் முத்திரை மையோடு ஏறி உட்கார்ந்திருந்தது.

"மூண்டுதான்," என்றேன். "தவணை போன மாசம் முடிஞ்சுது. சங்கிலி ஏலத்திலை போயிட்டுது."

"ஐஞ்சா இருந்தா?"

"வாலைப் பார். அது மூண்டின்ரை வால்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் சைக்கிளை எடுத்துவிட்டேன். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நான், மச்சாளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி மிதித்தேன். இரண்டு தரம் பிழையான ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

கடைக்குள் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. மீட்காமல் விட்ட நகைகளை விற்பதற்கு வைத்திருந்தார்கள். அதன் நடுவில் ஒரு சங்கிலி. கண்ணாடியில் விரலை ஊன்றினேன்.

"இதுதான். இது என்ரை மச்சாளின்ரை சங்கிலி. நீங்கள் விக்கேலாது," என்றேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன நிறை ஐயா, மச்சாளின்ரை சங்கிலி?"

"இருபத்துநாலு கிராம்."

அவர் சங்கிலியை எடுத்துத் தராசில் வைத்தார். பதினாறு கிராமும் கொஞ்சமும் காட்டியது.

"ஏலத்துக்கு வந்த பயத்திலை எட்டுக் கிராம் மெலிஞ்சு போச்சோ?" என்றார்.

நான் பெருப்பித்த படத்தை மேசையில் விரித்தேன். முதலாளி வெகுநேரம் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எத்தினையோ துண்டு பாத்திருக்கிறன். நகம் வளந்த துண்டு இப்பதான் பாக்கிறன்."

அப்போதுதான் மனைவி, வீட்டில் சொல்ல வந்ததைச் சொன்னாள். "அக்கா சிறுபோகத்துக்கு விதைநெல்லு வாங்கவெல்லே சங்கிலியை வைச்சவா. மூண்டாம் மாசம், மாரியிலை விதைச்ச காலபோக நெல்லு வித்த காசு கையிலை இருக்கும். அந்த நேரம் ஆர் அடைவு வைக்கிறது? போன முறை மழை பிந்தினபடியால் சித்திரை கழிஞ்சுதான் விதைச்சவை. அது ஐஞ்சு."

முதலாளி துண்டின் இலக்கத்தைப் படத்திலிருந்து வாசித்தார். அது விரலுக்கு அகப்படாமல் மேல் மூலையில் தெளிவாகவே இருந்தது. "படத்துக்கு நகை தரமாட்டன். திகதி பாக்கலாம்," என்று புத்தகத்தைப் புரட்டினார். "ஐஞ்சாம் மாசம் பதினெட்டு. தங்கச்சி சொல்லுறது சரி."

வெளியே வந்ததும் மனைவி, "வால் எப்பிடி?" என்றாள். நான் சைக்கிள் சங்கிலி கழன்றதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு நாலு விபரத்தையும் செய்தி வாசிப்பவரின் குரலில் வாசித்தேன். மூன்று பவுண், இருபதினாயிரம், மாதம் இரண்டு வீதம், ஐந்தாம் மாதம் பதினெட்டு. "என்னெண்டு அத்தான் இவ்வளவு சரியா எடுத்தியள்?" என்று கேட்டான். மனைவி பக்கத்தில் நின்றபடியால் தொடர்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் இருபத்தையாயிரம் அனுப்பினான்.

தவணைக்கு ஒரு கிழமை முந்தி மச்சாள் தானே பஸ்ஸில் வந்து இறங்கினார். வழியில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பையைக் கிளறினவர்களுக்கும் அந்தத் துண்டு அகப்படவில்லையாம். எங்கிருந்து எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. கடையில் என் கையில் தராமல் நேரே முதலாளியிடம் நீட்டினார். தொடங்கின மாதத்துக்கும் முழு வட்டி என்பதால் பன்னிரண்டு மாதமும் போட்டார்கள். இருபத்துநாலாயிரத்து எண்ணூறு. முதலாளி தராசில் வைத்துக் காட்டினார், இருபத்துநாலு. மச்சாள் இன்னொருதரம் வைக்கச் சொன்னார். பிறகு சங்கிலியைக் கழுத்தில் போட்டு, சேலைக்குள் விட்டு, மேலால் தடவிப் பார்த்தார்.

மிச்சம் இருநூறு ரூபாய் மேசையில் கிடந்தது. என் சைக்கிள் ஓட்டத்துக்கு ஒரு சோடாவாவது கிடைக்கும் என்று நான் கையை மெல்ல நகர்த்தினேன்.

"அது நான் ஸ்ரூடியோவுக்குக் குடுத்த காசு," என்று மச்சாள் எடுத்துப் பேர்சுக்குள் வைத்தார்.