செத்தவர் போட்டுக்கொண்ட ஊசி

அரசாங்கக் கணக்கில் நான் இன்னும் பர்மாவிலிருந்து திரும்பவே இல்லை. அங்கே போனதற்கும் ஆதாரம் கிடையாது. யுத்தம் முடிந்து, பர்மாவில் பார்த்த பழைய வேலைக்கே திரும்பிப் போகலாம் என்று பெர்மிட் கேட்டு எழுதியபோதுதான் எனக்கே இது தெரிந்தது.

அகதியாக வந்தவன் என்று நிரூபித்தால்தான் பெர்மிட். தாலுகா கச்சேரி குமாஸ்தா எல்லை முகாமின் பதிவேட்டு நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆளே வரவில்லை என்றார். வந்த ஆளான நான்தான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

யுத்தத்துக்குத் தப்பி நடந்து வந்த மலைப்பாதையில், முகாம்தோறும் காட்ட வேண்டிய என் சீட்டை ஆறு கொண்டுபோய்விட்டது. கூட நடந்துவந்த ஒரு பெண்ணிடம் சீட்டு இருந்தது, ஆள் குறைந்திருந்தது. வழியிலிருந்த முதல் முகாமில் புருஷன், பெண்சாதி, பெண் குழந்தை என்று மூன்று உருப்படியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முகாம் வந்துசேர்வதற்குள் புருஷனைக் காலரா கொண்டுபோய்விட்டது. அதைச் சொன்னால் தாயையும் பிள்ளையையும் தனிக்கொட்டகையில் அடைத்துவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, எங்கள ரயில் ஏத்திவிட்டுருங்க. அதுவரைக்கும் இந்தப் புள்ளைக்கு அய்யாவா வாங்க" என்றாள். குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து செத்தவர் என் கையில் காலரா ஊசி போட்டுக்கொண்டார். அவருக்காகக் காய்ச்சலில் நான் நடுங்கினேன். ரொட்டி வாங்கினார், ரயில் பாஸ் வாங்கினார். எனக்குக் கையெழுத்து நன்றாகவே வரும். ஆனாலும் இறந்தவர் பெயரை எழுத மனம் வராமல், எழுதத் தெரியாது என்று சொல்லிப் பெருவிரல் ரேகை வைத்தேன். அந்தப் பதிவேட்டில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அதுதான்.

கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. எனக்காக அல்ல. வருஷக்கணக்கில் முடியாத ஒரு காகிதக் கட்டு அவர் மேஜையில் கிடந்தது. மயிலாடும்பாறையில் அண்ணன் வீட்டில் இருக்கும் ஒருத்தி, விதவைக்கான அகதி உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தாள். புருஷன் உயிரோடு வந்து ரயில் ஏறியதாகப் பதிவேடு சொல்வதால், கச்சேரியில் ஒவ்வொரு தடவையும் அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அண்ணன் வீட்டுச் சோறு நாளுக்கு நாள் கசந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை உடுத்தியவளிடம் எங்கே, எங்கே என்று கச்சேரி கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் புருஷன் நான்தான்.

எங்கள் இருவரையும் தாசில்தார் வரவழைத்தார். இருவரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தோம். அவர் சந்தேகக்காரர். தாயோடு வந்திருந்த சிறுமியை அருகே அழைத்து, என்னைக் காட்டி இது யார் என்று கேட்டார்.

காக்கி உடுப்பு, மேஜை, மைக்கூடு. முகாமில் பார்த்தவையெல்லாம் அப்படியே இருந்தன. அவள் ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, "எங்க அய்யா" என்றாள்.

தாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பொய் சொல்லாது என்று தாசில்தார் குமாஸ்தாவிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அப்போதுதான் எனக்கு ரேகை நினைவுக்கு வந்தது. நகலைப் பார்த்தார்கள். ரேகை இருக்க வேண்டிய இடத்தில் 'இடது பெருவிரல் ரேகை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை எந்த விரலோடு ஒப்பிடுவது? அசல் ஏட்டை வரவழைக்க எழுதிப்போட்டார்கள். பர்மாவிலிருந்து நான் நடந்துவந்ததைவிட மெதுவாக அது வந்து சேர்ந்தது.

ரேகை என்னுடையதுதான் என்று நிபுணர் எழுதிவிட்டார். நான் அவள் புருஷன் இல்லை, வேறு ஆள் என்று எங்கள் ஊர்க் கிராம முன்சீப் எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டுக்கொண்டவன் நான், ஆகவே அவள் புருஷன் வழியிலேயே இறந்தவர் என்று உத்தரவானது. உதவி கிடைத்தது. என் பெர்மிட் என்ன ஆயிற்று என்று குமாஸ்தாவைக் கேட்டேன்.

"வந்தது நீங்கதான், ஒத்துக்கிட்டாச்சு. ஆனா வந்ததா ஏட்டுல இருக்கிறவுக பேருக்குத்தான பெர்மிட்டு. அவுக செத்துட்டதா நீங்களே எழுதிக் குடுத்துட்டீகளே" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

உத்தரவை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு தாய் வெளியே வந்தாள். இனிமேல் என்னை மாமா என்று கூப்பிடும்படி மகளிடம் சொன்னாள். சிறுமி என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப எங்க அய்யா?"

"செத்துட்டாக, ஆத்தா. அப்பவே செத்துட்டாக."

தகப்பனுக்காக அந்தப் பிள்ளை முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான், கச்சேரி வாசலில், என் விரலைப் பிடித்துக்கொண்டு.